மெயில் திருடுபோனது: முதலில் கம்பெனிக்கா, கஸ்டமருக்கா?

"காட்பாடியில் அப்பா தொடங்கிய சிறிய இன்சூரன்ஸ் ஏஜென்சியை நடத்துகிறேன். ஒரு லைஃப் கம்பெனி, ஒரு ஹெல்த் கம்பெனி. நேற்று குடியாத்தத்தில் ஒரு கஸ்டமருக்கு, பாலிசி நம்பரைச் சரியாகச் சொல்லி 'போனஸ் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று போன் வந்திருக்கிறது. எங்கள் ஜிமெயிலை யாரோ திறந்திருக்கிறார்கள். ஆதார், செக், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்கிறது. கஸ்டமர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? என் ஏஜென்சி கோட் போய்விடுமா?"

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்றே முதல் போன் இரண்டு கம்பெனிகளின் கிளை மேலாளர்களுக்கும் போகட்டும், கையோடு ஒரு மெயிலும். பழைய மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, புது மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள். சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. உங்களால் தாமதமானால் கம்பெனியும் சிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு தனி உரிமையாளர் நடத்தும் தொழிலையும் 'நிறுவனம்' என்றே கணக்கில் எடுக்கிறது. அதனால் "நாங்கள் சின்ன ஆள்" என்று இருக்காமல், incident@cert-in.org.in முகவரிக்கு நீங்களும் எழுதுங்கள். நேரம் தாண்டியிருந்தாலும் எழுதுங்கள்.

கம்பெனி கேட்கப்போவது: எப்போது தெரிந்தது, எந்தெந்த பாலிசி, எந்தெந்த ஆவணம், ஓட்டை அடைபட்டதா. இதற்குச் சான்று வேண்டும். ஆகவே கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து விடாதீர்கள். ஜிமெயிலில் கீழே உள்ள Details-ஐத் திறந்து, உள்ளே வந்தவரின் இடமும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். Forwarding, Filters இரண்டையும் பாருங்கள். திருடன் தன் முகவரிக்கு நகல் போகும்படி அங்கே வைத்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றியும் கசிவு நிற்காது.

அப்புறம் கஸ்டமர். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனித்தனியாக அறிவிக்கும் கடமை இருக்கிறது. அது அமலாக, 2025 நவம்பரில் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம். ஆனால் ஓடிபி கேட்கும் போன் இன்றே வருகிறதே! கடிதத்தின் வரைவைக் கம்பெனிக்குக் காட்டுங்கள். அவர்கள் ஒன்று, நீங்கள் ஒன்று எழுதினால் கஸ்டமர் எதையும் நம்ப மாட்டார். ஒரு நாளில் பதில் வராவிட்டால், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு நீங்களே அனுப்புங்கள். தமிழில், இப்படி:

"எங்கள் மெயிலை வேறொருவர் திறந்திருக்கிறார். உங்கள் ஆதார் நகலும் செக் நகலும் அதில் இருந்தன. போனஸ், ரிவைவல் என்று யார் கேட்டாலும் ஓடிபி தர வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சந்தேகத்துக்கு என் நம்பர்..."

அவரவர்க்கு எது போனதோ அதை மட்டும் எழுதுங்கள். மெடிக்கல் ரிப்போர்ட் போனவரிடம் அதை மறைக்கக் கூடாது. "எல்லாம் பத்திரம்" என்றோ "நஷ்டஈடு தருகிறோம்" என்றோ எழுத வேண்டாம். வயதானவர்களுக்குப் பழகிய நம்பரிலிருந்து அப்பாவே பேசட்டும்.

கோட் போகாது என்று நான் வாக்குத் தர முடியாது. ஏஜென்சி ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் ஷரத்து என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், அதன் நகலை எடுத்து வாருங்கள். கஸ்டமரின் புகாரிலிருந்து கம்பெனிக்கு இது தெரியவந்தால், உங்கள் பக்கம் வாதாட எனக்கு ஒன்றும் மிஞ்சாது.