எலிவேட்டர் அடைத்தால் பூட்டை எங்கே போடுவது?

கேள்வி: தம்பலகாமத்தில் சின்ன அரிசி ஆலை வைத்திருக்கிறேன். நெல்லை வாளிகளில் மேலே ஏற்றும் எலிவேட்டர் அடிக்கடி அடைத்துவிடும். திருத்தும்போது மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி, பக்கத்தில் ஒரு பொடியனை நிறுத்திவிடுகிறேன். இதற்கு மேல் சுவிட்சுக்குப் பூட்டு, எச்சரிக்கை அட்டை எல்லாம் தேவையா?

தேவை. ஆனால் பூட்டு வாங்குவதை விட அதை எங்கே போடுவது என்பதுதான் பெரிய கதை. அதை நான் கற்றுக்கொண்டதும் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலை ஒன்றில்தான்.

நான் முதலில் சீனக்குடாப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் பராமரிப்புப் பகுதியில் இருந்தேன். அங்கே ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு திறப்பு. அப்புறம் தனியாக வேலை செய்யத் தொடங்கி, கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய் என்று ஆலை ஆலையாகப் போனேன். 2022ல் ஒரு நாள் நெல் எலிவேட்டர் அடைத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அந்த வருடம் கரண்ட் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் வெட்டினார்கள். நான் போன நேரத்திலும் கரண்ட் இல்லை. 'நல்லதாப் போச்சு, இப்பவே செய்வோம்' என்று அடிப்பெட்டியின் கதவைக் கழற்றினோம். ஆலையில் வேலை செய்த தம்பி ஒருவர் கையை விட்டு நெல்லை வாரிக்கொண்டிருந்தார். உள்ளே இறுகிப்போன இடத்துக்குக் கை எட்டவில்லை என்று கையை எடுத்து, ஒரு இரும்புக் கம்பியை வாங்கிக் குத்தினார். அதே நிமிடத்தில் பின்னால் கொட்டிலில் முதலாளியின் மகன் ஜெனரேட்டரைப் போட்டு, லைனை ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தள்ளினார். எலிவேட்டர் ஓடியது. கம்பியை இழுத்துக்கொண்டு போய் வளைத்து எறிந்தது. கம்பியை வாங்கியிராவிட்டால் உள்ளே இருந்திருப்பது கைதான்.

மெயின் சுவிட்சை நாங்கள் ஓஃப் பண்ணித்தான் இருந்தோம்! ஆனால் அது மின்சார சபை லைன் உள்ளே வரும் இடத்தில் இருந்தது. ஜெனரேட்டர் லைன் அதற்குப் பிறகு, சேஞ்ச்ஓவரில் வந்து சேருகிறது. அதாவது மெயினில் பத்துப் பூட்டுப் போட்டிருந்தாலும் அன்று எலிவேட்டர் ஓடியிருக்கும். இன்னொரு பிழையும் இருந்தது. கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், திரும்பி வந்தால் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் என்று எல்லாரும் நினைப்பார்கள். கொன்டாக்டர் வைத்த ஸ்டார்ட்டர் என்றால் அது சரி, கரண்ட் போனதும் கொன்டாக்டர் தன்பாட்டில் லைனை விட்டுவிடும். ஆனால் அந்த எலிவேட்டர் மோட்டருக்குக் கையால் திருப்பும் சுவிட்ச்தான். அடைத்து நின்றபோது அதை யாரும் ஓஃபுக்குத் திருப்பவில்லை. அப்படிக் கிடக்கிற சுவிட்சுக்குக் கரண்ட் வந்தால் மோட்டர் உடனே ஓடும்.

ஆகவே பூட்டுப் போட வேண்டிய இடம் சேஞ்ச்ஓவருக்குப் பிறகு, அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் போகிற லைனை வெட்டும் ஐசொலேட்டர் சுவிட்ச். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டன் இந்தக் கணக்கில் வராது, அது மோட்டரை நிறுத்துமே தவிர லைனை வெட்டாது. ஐசொலேட்டர் இல்லாமல் பிரேக்கர் மட்டும்தான் இருக்கிறது என்றால், பிரேக்கரின் நாக்கைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்னக் கிளிப் விற்கிறது, அதில் பூட்டை மாட்டலாம். பழைய பீங்கான் ஃபியூஸ் என்றால் மூன்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியையும் பூட்டுங்கள். கழற்றியது மட்டும் போதாது, வயர்த் துண்டை முறுக்கி வைத்து ஓட்டுகிற கெட்டிக்காரர் எல்லா ஆலையிலும் ஒருவர் இருப்பார்.

பூட்டைப் போடுகிறவர் உள்ளே கை விடுகிறவராக இருக்க வேண்டும், திறப்பும் அவருடைய பையில்தான். நீங்கள் முதலாளி என்பதற்காக இரண்டாவது திறப்பை மேசையில் வைத்திருந்தால் அந்தப் பூட்டு வெறும் அலங்காரம். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒரு ஐசொலேட்டரில் பல பூட்டு மாட்ட ஆறு ஓட்டை உள்ள ஒரு கவ்வி இருக்கிறது, கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரைக்கும் அது விரியாது. அட்டையில் பெயர், ஃபோன் நம்பர், தேதி, என்ன வேலை என்று எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், நம் பக்கத்து ஆலைகளில் இரண்டும் பேசுகிற ஆட்கள் வந்து போகிறார்கள். ஆனால் அட்டை சொல்லும், பிடித்து நிறுத்தாது. நீங்கள் நிறுத்துகிற பொடியனும் அப்படித்தான். தேத்தண்ணி குடிக்கப் போவான், ஃபோன் வரும்.

இனிப் பரிசோதனை, ஆலைக்காரர் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். பூட்டிய பிறகு சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஓடக் கூடாது. ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தால் பூட்டாத மெஷினும் ஓடாதுதானே? அந்தப் பரிசோதனை உங்களிடம் பொய் சொல்லும். அதனால் பூட்டைப் போட்டு, அடிப்பெட்டியைத் திறக்காமல், ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரைப் போட்டு சேஞ்ச்ஓவரைத் தள்ளுங்கள். ஆலையின் லைட் எரிய வேண்டும், எலிவேட்டர் சுவிட்சைப் போட்டாலும் அது அசையக் கூடாது. மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு இடத்தில் வைத்துப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மோட்டர் முனைகளில் மூன்று ஃபேஸுக்கும் இடையில் பாருங்கள். 400 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பிறகு மீட்டரைத் திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், இடையில் அதுவே பழுதாகியிருக்கலாம். இதைக் கரண்ட் வேலை தெரிந்தவர் செய்யட்டும். சுவிட்சைக் கடைசியில் ஓஃபுக்குத் திருப்பி வையுங்கள்.

கரண்ட் முழுவதும் போனாலும் எலிவேட்டருக்குச் சொந்தமாக ஒரு பலம் உண்டு. மேலே ஏறுகிற பக்கத்து வாளிகளில் நெல் இருக்கிறது, இறங்குகிற பக்கம் வெறுமை. கீழே அடைப்பு அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் நெல்லை வாரி எடுக்க எடுக்க அது தளரும், ஒரு கட்டத்தில் பெல்ட் தன்பாட்டில் பின்னோக்கி உருளும். அதைப் பூட்டு தடுக்காது. பெல்ட் சுற்றுகிற மேல் கப்பியைச் சங்கிலியால் தூணோடு கட்டி அசையாமல் பண்ணிய பிறகுதான் கையை விட வேண்டும். அப்படியும் முதலில் நீளக் கம்பியால் வாருங்கள்.

முடித்ததும் சங்கிலியை அவிழ்த்து, கருவிகளை எண்ணி, கதவை மாட்டி, ஆட்கள் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்து, பூட்டுப் போட்டவரே கழற்ற வேண்டும். நான் ஒருமுறை பூட்டைக் கழற்ற மறந்து திருகோணமலை டவுனுக்கே வந்துவிட்டேன். ஆலைக்காரர் ஃபோன் பண்ணி, 'தம்பி, வெட்டவா?' என்று கேட்டார். வெட்ட வேண்டாம் என்று சொல்லி, மோட்டார் சைக்கிளைத் திருப்பி, இருட்டில் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். அவர் திட்டினார், நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.