முளைத்தது என்று எப்போது சொல்வீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். என் முதல் சோதனைக்கு, “உப்பு நீர் பாசிப்பயறு முளைப்பதைப் பாதிக்கும்” என்று கருதுகோள் எழுதிக் கொடுத்தேன். “இதைச் சோதிக்க முடியாது” என்று ஒரே வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். “இப்படி இருந்தால் அப்படி ஆகும்” என்ற வடிவத்தில்தான் எழுத வேண்டுமா? இன்மைக் கருதுகோளும் சேர்க்க வேண்டுமா? கடைசியில் கருதுகோள் தப்பாகிவிட்டால் சோதனையே வீணா?

க.

அன்புள்ள க.,

வடிவம் ஒரு பொருட்டே இல்லை. “இருந்தால்” போட்டு எழுதிய வெற்று வாக்கியங்கள் எத்தனையோ உண்டு. இன்மைக் கருதுகோள், அதாவது உங்கள் கருதுகோளை மறுக்கும் வாக்கியம், ஒரு வரி வேலை, அது கடைசியில் வரும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது “முளைப்பது” என்ற சொல். சில நாட்களாகவே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். “பாதிக்கும்” என்று எழுதியது பயத்தால். முளைப்பது குறைந்தாலும் பாதிப்பு, கூடினாலும் பாதிப்பு, தாமதமானாலும் பாதிப்பு. எது நடந்தாலும் நீங்கள் சொன்னது சரியாகிவிடும். தோற்க வழியில்லாத வாக்கியத்தைச் சோதிக்க முடியாது என்பதைத்தான் அந்த ஒரு வரி சொல்கிறது. அதை உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் தப்பில்லை.

திசையை ஊகித்து எழுதக் கூடாது, காரணத்திலிருந்து எடுக்க வேண்டும். விதைக்குள் முளைவேர் நீள்வது அதன் செல்கள் நீரை இழுத்துப் பருப்பதால். வெளியே இருக்கும் நீரில் உப்பு கரைந்திருந்தால் அதை இழுப்பது கடினம், ஆகவே வேர் மெதுவாக நீளும். இந்தக் காரணம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். விதை செத்துப்போகும் என்று சொல்லவில்லை, தாமதமாகும் என்கிறது. மிதமான உப்பில் பெரும்பாலும் நடப்பது இந்தத் தாமதம்தான். உப்பு மிகக் கூடும்போதுதான் முளைக்காமலே போகும் விதைகள் பெருகும்.

இப்போது “முளைப்பது” என்ற சொல்லுக்கு வருவோம். ஒரே தட்டை மூன்று பேரிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் மூன்று விடை வரும். ஒருவர் தோல் வெடித்த விதையை எல்லாம் எண்ணுவார். ஆனால் செத்த விதையும் நீரை உறிஞ்சி ஊதும், ஊதினால் தோல் வெடிக்கும். இன்னொருவர் வெள்ளையாக ஏதோ தெரிந்தால் போதும் என்பார். அது கிழிந்த தோலுக்குள் தெரியும் பருப்பாகவும் இருக்கலாம். மூன்றாமவர் இலை வரும்வரை காத்திருப்பார். மூவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். உப்பைப் பற்றிய உங்கள் முடிவு அவர்களில் யார் எண்ணினார் என்பதைப் பொறுத்து மாறிவிடும். ஆகவே இப்படி எழுதுங்கள்: விதையுறையைத் துளைத்து வெளிவந்த முளைவேர் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது முளைத்த விதை. அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், யார் எண்ணினாலும் ஒரே விடை வரும்.

அத்தோடு முடியவில்லை. எப்போது எண்ணுவது? உங்கள் தாளில் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை, எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். 24ஆம் மணியில் எண்ணினால் உப்புத் தட்டு பாதியில் நிற்கலாம், ஏழாம் நாள் எண்ணினால் இரண்டு தட்டுகளும் சமமாகவே இருக்கலாம். முதல் ஆள் “உப்பு தடுக்கிறது” என்பார், இரண்டாம் ஆள் “உப்பு ஒன்றும் செய்யவில்லை” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தாமதமா, முளைக்காமையா, எதை அளக்கிறோம் என்று இருவரும் தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் காரணம் தாமதத்தைச் சொல்கிறது, ஆகவே சீக்கிரம் எண்ண வேண்டும். எந்த மணி என்பதைக் கண்டுபிடிக்க, வெறும் நீரில் மட்டும் ஒரு முன்னோட்டம் செய்யுங்கள். 25 விதை போட்டு, 12ஆம் மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். பாதியைத் தாண்டி முக்கால்வாசியை நெருங்கும் மணிதான் உங்கள் மணி. எல்லாம் முளைத்து முடிந்தபின் எண்ணினால் வித்தியாசம் தெரியாது. முன்னோட்டத்தில் உப்புத் தட்டை வைக்காதீர்கள். வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும் மணியைத் தேடிப்பிடிக்க ஆசை வரும்.

பயறு வகைகளில் இன்னொரு சிக்கல், கடின விதை. நீர் புகாத தோல் கொண்ட சில விதைகள் ஊதாமல் கல் போலக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு எண்ணுவதா, முளைக்காதவற்றோடு சேர்ப்பதா? என் தீர்ப்பு, சேருங்கள். எறிந்தால், வேண்டாத விதையை எல்லாம் “கடினம்” என்று சொல்லி எறியக் கை நீளும். எத்தனை இருந்தன என்று தனியாகக் குறித்து வையுங்கள், போதும்.

“உப்பு நீர்” என்பதற்கும் அளவு வேண்டும். 5.84 கிராம் சோடியம் குளோரைடைக் கொஞ்சம் நீரில் கரைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்தால் 100 மில்லிமோலார். ஒரு லிட்டர் நீரில் உப்பைக் கொட்டுவது வேறு, கன அளவு சற்றுக் கூடிவிடும். காய்ச்சி வடித்த நீரில்தான் இதைச் செய்ய வேண்டும், ஒப்பீட்டுத் தட்டுகளுக்கும் அதே நீர். தட்டை மூடியே வையுங்கள். நீர் ஆவியானால் உப்பின் அடர்த்தி ஏறும், நீங்கள் எழுதிய எண் பொய்யாகும்.

எல்லாம் சேர்ந்து உங்கள் கருதுகோள் இது. முன்னோட்டத்தில் 24ஆம் மணி கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன்:

“25 டிகிரி செல்சியஸ் இருட்டில், இரண்டு வடிதாள் விரித்த 9 சென்டிமீட்டர் பெட்ரி தட்டில் 6 மில்லிலிட்டர் கரைசலோடு வைத்த 25 பாசிப்பயறு விதைகளில், ஈரம் பட்ட 24ஆம் மணியில் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ முளைவேர் தெரியும் விதைகளின் சராசரி எண்ணிக்கை, காய்ச்சி வடித்த நீரில் இருப்பதைவிட 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் குறைவாக இருக்கும்.”

நீளமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். இன்மைக் கருதுகோள் இதற்கு எதிர்: குறைவாக இருக்காது.

வகைக்கு 4 தட்டு வையுங்கள். ஒப்பிட வேண்டியது ஒவ்வொரு தட்டிலும் முளைத்த விதைகளின் எண்ணிக்கையை. நூறு விதையை நூறு தனிச் சோதனையாக எண்ணாதீர்கள், ஒரே தட்டின் விதைகள் ஒரே ஈரத்தையும் ஒரே பிழையையும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்ப்பது டி சோதனை. எட்டுத் தட்டுகளுக்கு அதன் மதிப்பு தாண்ட வேண்டிய எல்லை, 5 விழுக்காட்டு மட்டத்தில், திசை சொன்னால் 1.943, சொல்லாவிட்டால் 2.447. இடையில் 2.1 என்று ஒரு மதிப்பு வந்தால், முடிவைப் பார்த்தபிறகு “நான் குறையும் என்றுதான் நினைத்தேன்” என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லும் உரிமை முன்கூட்டியே எழுதியவருக்குத்தான் உண்டு. ஆகவே தேதி போட்டு, விதையை நனைப்பதற்கு முந்தைய நாள் எழுதி வையுங்கள். உப்பில் கூடுதலாக முளைத்துவிட்டால் இந்தச் சோதனையில் அதை வெற்றியாக்க முடியாது. “கருதுகோளுக்கு ஆதரவில்லை” என்று எழுதி, எண்களை அப்படியே கொடுங்கள். நீங்கள் பயப்படும் வீண் அது இல்லை. உங்கள் பழைய வாக்கியத்துக்கு அந்த விடையைத் தரவே முடியாது.

ஒன்று மட்டும் எல்லை மீறாதீர்கள். எண்ணிக்கை குறைந்தாலும், நீரை இழுக்க முடியாததாலா, சோடியத்தின் நச்சாலா என்று இந்தத் தட்டுகள் சொல்லாது. அதற்கு, நீரை அதே அளவு பிடித்துவைக்கும் ஆனால் உப்பில்லாத பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் மூன்றாவது வரிசைத் தட்டுகள் வேண்டும். அது அடுத்த சோதனை. இப்போது எட்டுத் தட்டுகளுக்கும் எண் மட்டும் ஒட்டி, எது உப்பு என்று தெரியாத ஒருவரிடம் அளவுகோலைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.