பயிற்சி பெற்றவரும் பெறாதவரும்: புரொபென்சிற்றி ஸ்கோர் பற்றி வந்த கேள்விகள்

ஆய்வேடு எழுதும் காலம் என்பதால் திருகோணமலை மாவட்டத்து மாணவர்கள் பலர் ஒரே விடயத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி? தம்பலகாமத்திலிருந்து வந்த கடிதத்தில் விபரம் முழுமையாக இருந்ததால் அதையே முதலில் எடுத்து, மற்றக் கேள்விகளையும் முடிந்தவரை அதே தரவோடு சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வணக்கம் சேர். விவசாயப் போதனாசிரியர்கள் நடத்திய பயிற்சிக்குப் போன 60 கமக்காரர்களிடமும் போகாத 140 பேரிடமும் தரவு எடுத்திருக்கிறேன். பெரும்போகத்தில் போனவர்களின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 1,950 கிலோ, போகாதவர்களுடையது 1,610 கிலோ. ஸ்கோர் கணிக்க என்னிடம் இருக்கும் 14 மாறிகளையும் போடலாமா?

வேண்டாம். 340 கிலோ வித்தியாசத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, பயிற்சிக்குப் போகக்கூடிய ஆட்கள் முதலிலேயே வேறு மாதிரியானவர்களாக இருந்ததன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரிப்பதுதான் உங்கள் வேலை. புரொபென்சிற்றி ஸ்கோர் என்பது ஒருவருடைய முந்தைய நிலையை வைத்துப் பார்த்தால் அவர் பயிற்சிக்குப் போயிருக்கக்கூடிய நிகழ்தகவு. பல மாறிகளை இந்த ஒரே எண்ணில் அடக்கி, அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றாக உள்ள போனவரையும் போகாதவரையும் சோடி சேர்த்து ஒப்பிடலாம் என்று 1983இல் ரோசன்பாமும் ரூபினும் காட்டினார்கள். ஆனால் எந்த மாறிகளை அதற்குள் விடுவது என்று எந்த மென்பொருளும் சொல்லித் தராது. அது வயலைத் தெரிந்த ஆளின் முடிவு.

உங்கள் பட்டியலில் “இந்தப் போகத்தில் இட்ட யூரியாவின் அளவு” இருக்கிறது. அதை உடனே எடுத்துவிடுங்கள். உரம் எவ்வளவு, எப்போது இடவேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் பாதி. பயிற்சியால் மாறிய ஒன்றைச் சமப்படுத்தினால், பயிற்சியின் பலனில் ஒரு பகுதியை நீங்களே அழித்துவிடுவீர்கள். பயிற்சிக்குப் பிறகு வாங்கிய கடன், பிறகு சேர்ந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பயிற்சி தொடங்கிய திகதியை ஒரு கோடாக வைத்து, அதற்கு முன் முடிவாகியிருந்தவற்றை மட்டும் உள்ளே விடுங்கள்.

அடுத்தது, “பயிற்சி நடந்த மண்டபத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்”. இது போவதா இல்லையா என்பதைப் பாதிக்கும், விளைச்சலை நேரடியாகப் பாதிக்காது. இப்படியான மாறி ஸ்கோரை நன்றாகக் கணிப்பது போலத் தெரியும். ஆனால் கணிப்பின் தளம்பலைக் கூட்டும், நீங்கள் அளக்காத காரணிகளால் வரும் சாய்வையும் பெருக்கிவிடக்கூடும். உரம், மருந்து வாங்கும் வசதியையும் அந்தத் தூரம் தீர்மானிக்கிறது என்றால் கதை வேறு. அப்போது உள்ளே விடலாம், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கட்டாயம் வேண்டியவை பயிற்சிக்குப் போவதையும் விளைச்சலையும் இரண்டையும் தொடும் மாறிகள்: காணி அளவு, வயது, கல்வி, முந்தைய பெரும்போக விளைச்சல். இவற்றோடு, உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கவேண்டும். கந்தளாய்க் குளத்து நீர் வரும் வாய்க்காலில் வயல் தலைப்பில் இருக்கிறதா, கடைமடையில் இருக்கிறதா? கடைமடைக்காரருக்குத் தண்ணீர் பிந்தும், விளைச்சல் குறையும், தண்ணீருக்கே காத்து நிற்பவர் பயிற்சிக்கு வருவதும் குறையும். இந்தத் தரவை எடுக்க மறுபடி வயலுக்குப் போகவேண்டியிருந்தாலும் போங்கள்.

மேற்பார்வையாளர், சோடி சேர்த்த பிறகு ஒவ்வொரு மாறிக்கும் t-சோதனை செய்து p-மதிப்பு 0.05ஐ விடக் கூட வருகிறது என்று காட்டச் சொல்கிறார். அது போதுமா?

போதாது. p-மதிப்பு மாதிரியின் அளவோடு சேர்ந்து ஆடும். 200 பேர் 102 பேராகக் குறைந்தாலே, வித்தியாசம் அப்படியே இருந்தாலும் p கூடிவிடும். இரு குழுக்களும் அந்த மாறிகளில் சமநிலைக்கு வந்ததாகத் தெரியும், உண்மையில் வந்திருக்காது.

பார்க்கவேண்டியது நியமப்படுத்திய சராசரி வித்தியாசம். இரு குழுக்களின் சராசரிகளைக் கழித்து, பயிற்சி பெற்றவர்களின் நியம விலகலால் பிரிக்கவேண்டும். காணி அளவை எடுப்போம். போனவர்கள் சராசரி 3.1 ஏக்கர், போகாதவர்கள் 2.2, நியம விலகல் 1.5. வித்தியாசம் 0.9 ÷ 1.5 = 0.6. இது பெரிய ஏற்றத்தாழ்வு. சோடி சேர்த்த பிறகு 2.9க்கு எதிரே 2.8 என்று வந்தால் 0.1 ÷ 1.5, ஏறத்தாழ 0.07. பழைய 1.5 என்ற அதே எண்ணால்தான் பிரித்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். வகுக்கும் எண்ணும் மாறினால் முன்னையும் பின்னையும் ஒப்பிட முடியாது. 0.1க்குக் கீழே வந்தால் நல்லது என்பதே பரவலாக ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

R பாவிப்பவர்களுக்கு:

```r
library(MatchIt)
m <- matchit(training ~ acre + age + edu + canal + yield_prev,
             data = d, method = "nearest",
             link = "linear.logit", caliper = 0.2)
summary(m)
```

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் சரியாக வரவேண்டும் என்றில்லை. காணி அளவு 0.07க்கு இறங்கி, முந்தைய விளைச்சல் மட்டும் 0.24இல் நிற்கிறது என்று வையுங்கள். அப்போது முந்தைய விளைச்சலின் வர்க்கத்தையோ, வாய்க்கால் நிலையோடு அதன் பெருக்கத்தையோ (`yield_prev:canal`) சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சமநிலை வரும்வரை இப்படித் திருத்துவது ஏமாற்று வேலை அல்ல, முறையே அதுதான். ஒரே நிபந்தனை: இந்தப் போகத்து விளைச்சல் இருக்கும் நிரலை அதுவரை திறந்து பார்க்கக்கூடாது. அதை வேறு கோப்பில் எடுத்து வைத்துவிடச் சொல்லி என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். பலனைப் பார்த்துக்கொண்டே மொடலைத் திருத்தினால், கை தன்னையறியாமல் பிடித்த விடையின் பக்கம் போகும்.

ஸ்கோர் மொடலின் AUC 0.91 வந்திருக்கிறது. நல்லதுதானே?

பயப்படவேண்டிய செய்தி. யார் போனார், யார் போகவில்லை என்று ஸ்கோர் இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது என்றால் இரு குழுக்களும் ஒன்றோடொன்று பெரிதாகக் கலக்கவில்லை, சோடி கிடைப்பது கடினம். இங்கே கணிப்புத் திறன் இலக்கே இல்லை. இரு குழுக்களின் ஸ்கோர்களையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, எங்கே மேற்பொருந்துகின்றன என்று பாருங்கள்.

caliper 0.2 போட்டதும் பயிற்சி பெற்ற 60 பேரில் 9 பேருக்குச் சோடி கிடைக்கவில்லை. அவர்களை விட்டுவிடலாமா? மறைத்துவிட்டேன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

விடலாம். ஆனால் அவர்கள் யார் என்று சொல்லவேண்டும். caliper என்பது சோடிக்கு இடையில் அனுமதிக்கும் அதிகபட்ச இடைவெளி. ஸ்கோரின் லொஜிற் வடிவத்தில் நியம விலகலின் 0.2 மடங்கு என்பது வழக்கமான தெரிவு. மேலே `linear.logit` போட்டது அதற்காகத்தான். அதை விட்டால் MatchIt நிகழ்தகவு அளவிலேயே இடைவெளியை அளக்கும்.

அந்த 9 பேரின் வரிகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய காணி வைத்திருக்கும், வாய்க்கால் தலைப்புக்காரராக இருப்பார்கள். அவர்களைப் போன்றவர் எல்லோருமே பயிற்சிக்குப் போய்விட்டதால், போகாதவர்களில் ஒப்பிட ஆளில்லை. அப்படியானால் உங்கள் முடிவு இனி “பயிற்சி பெற்றவர்கள்” எல்லோரையும் பற்றியது அல்ல, சிறிய, நடுத்தரக் காணி வைத்திருக்கும் 51 பேரைப் போன்றவர்களைப் பற்றியது. இதை அட்டவணையோடு எழுதிவிட்டால் தேர்வாளர் கேட்க எதுவும் மிஞ்சாது.

அதேநேரம் caliperஐ 0.05, 0.01 என்று இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒரே ஸ்கோர் உள்ள இருவர் ஒரே மாதிரியானவர்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் குறைந்த காணியும் கூடிய முந்தைய விளைச்சலும் உள்ளவராக, மற்றவர் அதற்கு நேர்மாறாக இருந்தும் ஸ்கோர் ஒன்றாக வரலாம். ஓரளவுக்கு மேல் ஆட்களைக் கழிக்கக் கழிக்கச் சமநிலை மோசமாகவும் கூடும் என்று கேரி கிங்கும் ரிச்சர்ட் நீல்சனும் 2019இல் வாதிட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியாகச் சமநிலையைப் பாருங்கள்.

நான் குச்சவெளிப் பக்கம் மீனவர்களிடம் ஆய்வு செய்கிறேன். ஐஸ்பெட்டி கிடைத்தவர்கள் எல்லோரும் ஒரு கிராமம், கிடைக்காதவர்கள் எல்லோரும் இன்னொரு கிராமம். கிராமத்தை மாறியாகப் போட்டால் `fitted probabilities numerically 0 or 1 occurred` என்று வருகிறது.

R சரியாகத்தான் எச்சரிக்கிறது. கிராமம் தெரிந்தால் பெட்டி கிடைத்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடுகிறது, ஸ்கோருக்கு வேலையில்லை. கிராமத்தை நீக்கினால் எச்சரிக்கை போகும், பிரச்சினை போகாது. இறங்குதுறை, வியாபாரி, சந்தைத் தூரம் எல்லாம் பெட்டியின் பலனாக வேடம் போட்டு வந்து நிற்கும். அதே கிராமத்தில் பெட்டி கிடைக்காதவர்களைத் தேடுங்கள். இல்லையென்றால் பெட்டி வருவதற்கு முன்னைய வருமானத் தரவைச் சேர்த்து, இரு கிராமங்களிலும் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிடும் முறைக்குப் போங்கள். அதுவும் இரு கிராமங்களும் பெட்டி இல்லாவிட்டால் ஒரே போக்கில் போயிருக்கும் என்ற அனுமானத்தில்தான் நிற்கும்.

சோடி சேர்த்த பிறகு நியம வழுவை bootstrap செய்து எடுக்கலாமா?

அண்மை அயலவரைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் பொருத்தலுக்கு வழக்கமான bootstrap செல்லாது என்று அபாடியும் இம்பென்ஸும் 2008இல் காட்டினார்கள். Stataவில் `teffects psmatch` அதற்குரிய நியம வழுவைத் தரும். மேலே செய்தது போல ஒருவரை ஒருமுறை மட்டும் பாவித்திருந்தால், சோடியைக் கொத்தாக வைத்துக் கணிக்கலாம்:

```r
md  <- match.data(m)
fit <- lm(yield ~ training + acre + age + edu + canal + yield_prev,
          data = md, weights = weights)
lmtest::coeftest(fit, vcov. = sandwich::vcovCL, cluster = ~subclass)
```

தம்பலகாமத்துக் கேள்வியேதான் சேர். 340 கிலோ 140 கிலோவாகக் குறைந்துவிட்டது, நியம வழு 65. ஆனால் ஆர்வமுள்ளவர்தானே பயிற்சிக்குப் போவார், ஆர்வத்தை நான் அளக்கவில்லை என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அளந்த மாறிகளை மட்டுமே ஸ்கோர் சமப்படுத்தும். அளக்காதது அளந்தவற்றோடு இணைந்திருக்கும் அளவுக்குத்தான் சரியாகும்.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, முந்தைய பெரும்போகத்துக்கும் முந்தைய பெரும்போகத்து விளைச்சல் கைவசம் இருந்தால், அதைச் சோடி சேர்க்கப் பாவிக்காமல் விட்டு, அதே 51 சோடிகளில் அதைப் பலனாக வைத்து ஓட்டுங்கள். பயிற்சி அப்போது நடக்கவே இல்லை, ஆகவே வித்தியாசம் பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டும். அங்கேயே 100 கிலோ வித்தியாசம் வந்தால் ஆர்வம் போன்ற ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, 140 கிலோவை நம்ப முடியாது.

இரண்டாவது, ரோசன்பாமின் உணர்திறன் எல்லை. காமா 1 என்றால் மறைந்த சாய்வு இல்லை. 1.5 என்றால், வெளியே ஒரே மாதிரியாகத் தெரியும் சோடியில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் சாதக விகிதம் மற்றவரை விட ஒன்றரை மடங்கு வரை கூட இருந்திருக்கலாம் என்று அர்த்தம். எந்தக் காமாவில் உங்கள் p-மதிப்பின் மேல் எல்லை 0.05ஐத் தாண்டுகிறது என்று பாருங்கள். உங்களுடைய 95% இடைவெளி ஏறத்தாழ 13 முதல் 267 கிலோ வரை போகிறது. இவ்வளவு அகலமான இடைவெளி என்றால் 1.1 அல்லது 1.2 என்ற சிறிய காமாவிலேயே அது தாண்டக்கூடும். அப்படி வந்தால் அந்த எண்ணை முடிவுரையில் 140க்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், பின்னிணைப்பில் போடவேண்டாம்.