டெட்லிஃப்டுக்குப் பின் கீழ்முதுகு வலி: எப்போது ஓய்வு, எப்போது நடை

கேள்வி: டெட்லிஃப்ட் செய்ததிலிருந்து கீழ்முதுகு வலிக்கிறது. ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது. ஜிம் நண்பர் ஒரு வாரம் அசையாமல் படு என்கிறார், இன்னொருவர் நன்றாக ஸ்ட்ரெட்ச் செய் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். நான் வேளச்சேரிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஐ.டி. நிறுவனத்தில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு மாலையில் பளு தூக்குகிறவர்கள் என்னிடம் வருவோரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, வலி எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைத்தான். ஓய்வா அசைவா என்ற முடிவு பெரும்பாலும் அந்த ஒரு விடையிலேயே கிடைத்துவிடும்.

தூக்கும்போது ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலையில் இடுப்பின் இரு பக்கமும் பரவலாகக் கனத்து, விரலால் அழுத்தினால் தசை நோகிறது என்றால், அது பழக்கத்துக்கு மீறிய வேலையால் வரும் தசைவலி. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்கைந்து நாட்களில் தானாக அடங்கும்; பத்து நிமிடம் நடந்தாலே இலகுவாகும். இதற்கு ஓய்வு தேவையில்லை. அதேபோல, ஒரு மணி நேரம் நாற்காலியில் இருந்த பிறகு தொடங்கி, எழுந்து நடமாடியதும் குறைகிற வலிக்கும் ஓய்வு மருந்தாகாது, ஏனெனில் அசையாமல் இருந்ததால்தான் அது வந்தது.

மூன்றாவது வகைதான் குழப்பம் தருவது. தரையிலிருந்து தூக்கிய, எடை மாட்டிய இரும்புப் பார் கையில் இருக்கும்போதே ஒரு பக்கத்தில் சுருக்கென்று பிடித்து, அடுத்த சில மணி நேரத்தில் நிமிர முடியாதபடி இறுகிவிடும். இங்கே முதல் ஓரிரு நாட்களுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அது சுமையிலிருந்தும் குனிவதிலிருந்தும் எடுக்கும் ஓய்வே தவிர, கட்டிலோடு கிடப்பதன்று. 1986-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு நாள் படுக்கை ஓய்வு சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் சொல்லப்பட்டவர்களைவிடக் குறைவான வேலை நாட்களையே இழந்தார்கள். வலி குறைவதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1995-ல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்திருந்தவர்கள், முதுகை வளைக்கும் பயிற்சி செய்தவர்கள், வலி அனுமதிக்கிற அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் என்ற மூன்று தரப்பில், விரைவாகத் தேறியவர்கள் கடைசித் தரப்பினரே. உங்கள் இரு நண்பர்களுக்குமான விடை அந்த ஆய்விலேயே இருக்கிறது என்பேன்.

இனி, உட்காருவதும் டெட்லிஃப்டும் எப்படிக் கைகோர்க்கின்றன என்பதைப் பார்ப்போம். சரிந்து உட்காரும்போது கீழ்முதுகு வளைந்தே இருக்கிறது; முதுகெலும்புகளைப் பின்புறம் பிணைத்திருக்கும் தசைநார்கள் மெல்ல நீண்டு தளர்கின்றன. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிடம் முழுமையாகக் குனிந்திருந்தவர்களின் முதுகு, இழந்த இறுக்கத்தில் ஏறக்குறையப் பாதியை இரண்டே நிமிடத்தில் மீட்டது, ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகும் முழுமையாகத் திரும்பவில்லை. சிறுசேரியில் எட்டு மணி நேரம் நாற்காலியிலும், பிறகு ஒரு மணி நேரம் மேடுபள்ளத்தில் குலுங்கியபடி இருசக்கர வண்டியிலும் இருந்துவிட்டு, வண்டியை நிறுத்திய கையோடு பாரைப் பிடிப்பவருடைய முதுகு எந்த நிலையில் இருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஜிம்முக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம் நடந்து, வெறும் பாரில் இரண்டு சுற்று செய்த பின்பே எடையை மாட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

ஒருவருடைய கதையைச் சொன்னால் விளங்கும். முப்பது வயதைக் கடந்த மென்பொருள் சோதனையாளர். 100 கிலோவை ஐந்து முறை தூக்குவது அவருக்கு வழக்கம். ஒரு மாலை நான்காவது தூக்கலில் கீழ்முதுகு வளைந்து, வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. ஐந்தாவதையும் முடித்தே வைத்தார். இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. மறுநாள் என்னிடம் வந்தபோது, வலி இடுப்போடு நின்றிருந்தது. காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை, குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்க முடிந்தது. அதனால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தேவைப்படவில்லை.

முதல் இரண்டு நாட்களுக்கு அவருக்குச் சொன்னது எளிமையானது. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலியின் மேல் வைத்து, பதினைந்து நிமிடம் மட்டும் இளைப்பாற வேண்டும். பிறகு எழுந்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து நிமிடம் நடக்க வேண்டும். பகல் முழுவதும் இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எழும்போது நேராக உட்காராமல், பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழ வேண்டும். சூடு இதமாக இருந்தால் உப்பு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதில் தவறில்லை. சுளுக்கெடுக்கிறேன் என்று முறுக்கி நெட்டி எடுப்பதை மட்டும் இந்த நாட்களில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள் பாதி வலி போய்விட்டது. சிக்கல் வழக்கமாகவே அப்போதுதான் வருகிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேன் வாசலுக்கு வந்ததும் அவரே தூக்கித் திருப்பி டிஸ்பென்சரில் கவிழ்த்துவிட்டார். எடையைப் பார்த்தால் அது அவர் தூக்குகிற 100 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆனால் பார் காலை ஒட்டியே மேலேறும். கேனோ உடலிலிருந்து விலகி நிற்கும், போதாக்குறைக்கு இடுப்பையும் திருப்ப வேண்டும். அன்று இரவு மறுபடியும் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் பின்னே போனார். ஜிம்மில் கவனமாக இருப்பவர்கள் வீட்டில் வாளியையும் கேனையும் கணக்கில் எடுப்பதேயில்லை.

அதன் பிறகு அவர் கடைப்பிடித்த விதியை உங்களுக்கும் சொல்கிறேன். எந்த அசைவையும் செய்து பாருங்கள். செய்யும்போது பத்துக்கு மூன்றுக்கு மேல் வலிக்கக் கூடாது, மறுநாள் காலையில் வலி முந்தைய நாள் காலையில் இருந்ததைவிடக் கூடியிருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் அந்த அசைவு உங்களுக்கு ஆகிறது, சற்றுக் கூட்டலாம். காலையில் கூடியிருந்தால் அதை நிறுத்த வேண்டியதில்லை, பாதியாகக் குறைத்தால் போதும். இதை நான் ஸ்ட்ரெட்சுக்கும் பொருத்துவேன். நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடுவது செய்த நேரத்தில் சுகமாக இருக்கும், ஆனால் பலருக்கு மறுநாள் காலை அதன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். நோகிற இடத்தையே திரும்பத் திரும்ப இழுக்கும் அந்தப் பயிற்சியை முதல் இரண்டு வாரங்களுக்கு நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

காலை நேரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இரவெல்லாம் படுத்திருக்கையில் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்த நீரில் பெரும் பங்கு வெளியேறுகிறது. அதற்குள் குனிந்தால் டிஸ்க்கின் மீது விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். ஆகவே வலி இருக்கும் நாட்களில், எழுந்ததும் வாளி தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, ஷூ லேஸ் கட்டக் கவிழ்வது ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு டெட்லிஃப்ட் செய்பவர்கள், அந்தப் பயிற்சியையாவது வேறு நேரத்துக்கு மாற்றுவது நல்லது.

அலுவலகத்துக்கு அவர் ஐந்தாம் நாளே போனார். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது, தொலைபேசியில் பேசுவதை நின்றுகொண்டே செய்வது, வண்டியை விட்டு ரயிலிலோ பேருந்திலோ நின்றபடி வருவது ஆகிய மாற்றங்கள் போதுமாக இருந்தன. விலையுயர்ந்த நாற்காலி வாங்கலாமா என்று கேட்டார். எந்த நாற்காலியிலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

பாருக்குத் திரும்புவதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யவில்லை. காலையில் வலியில்லாமல் சாக்ஸ் போட முடிந்த பிறகு, முதுகில் ஒரு துடைப்பக் கட்டையை நீளவாக்கில் வைத்து, தலை, மேல்முதுகு, இடுப்பெலும்பு மூன்றும் அதைத் தொட்டபடியே இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் குனியப் பழகினார். அடுத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பாரை உயர்த்தி வைத்து, 40 கிலோவில் எட்டு முறை தூக்கினார். மறுநாள் காலை சோதனையில் தேறும்போதெல்லாம் ஐந்து கிலோ கூட்டி, எடை 70 ஆனதும் பாரைத் தரைக்கு இறக்கினார். வழக்கமான எடைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பளு தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை அதுவரை கட்ட வேண்டாம் என்றேன், ஏனென்றால் அது கொடுக்கும் துணிச்சலில் எடையை முன்கூட்டியே ஏற்றத் தோன்றும்.

வலி முழங்காலைத் தாண்டி இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, மேலே சொன்ன திட்டத்தை நீங்களாக நடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தால் மட்டும் கலங்க வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதினரிலும் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு அது காணப்படுகிறது என்று 2015-ல் தொகுத்த ஆய்வு காட்டுகிறது. காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, எந்த நிலையில் படுத்தாலும் மாறாத இரவு வலி ஆகியவை இருந்தால் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளுக்கு இடையிலும் மலத்துளையைச் சுற்றியும் உணர்ச்சி குறைந்தாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நரம்புகள் நசுங்கும் அந்த நிலையில் அறுவை சிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகக்கூடும்.