சிவப்புச் சுவிட்சில் தெரியும் எண்: கணினியை நாடு மாற்றுவோர் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் பயன்படுத்திய மேசைக் கணினியைப் பொங்கோலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பின்புறம் ஒரு சிறிய சிவப்புச் சுவிட்சில் 115 என்ற எண் தெரிகிறது. பிளக் அடாப்டர் வாங்கினால் போதுமா?

போதாது. தயவுசெய்து சுவிட்சை மாற்றும் வரை கணினியைச் செருகவே வேண்டாம். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். சிங்கப்பூர்ச் சுவரில் உள்ள 230 வோல்ட் அப்படியே கணினிக்குள் போகும்.

அந்தச் சுவிட்ச் செய்யும் வேலை என்னவென்று தெரிந்துகொண்டால் ஆபத்தின் அளவும் புரியும். இத்தகைய பவர் சப்ளையின் உள்ளே, பெரும்பாலும் 200 வோல்ட் தாங்கக்கூடிய இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 230 நிலையில், உள்ளே வரும் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 325 வோல்ட்டாகவும் ஒவ்வொன்றுக்கும் அதில் பாதியாகவும் பிரிந்து நிற்கும். 115 நிலையிலோ, சுவிட்ச் ஒரு கம்பியை இரண்டு கெப்பாசிட்டர்களின் நடுவில் இணைத்து, மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது. அமெரிக்காவின் குறைந்த மின்னழுத்தத்திலும் அதே 325 வோல்ட் கிடைப்பது இதனால்தான். 115 நிலையிலேயே விட்டு இங்குச் செருகினால் அந்த இரட்டிப்பு 230 வோல்ட்டின் மேல் நடக்கும். மொத்தம் 650 வோல்ட் வரை ஏற முயலும்போது, 200 வோல்ட் தாங்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மீதும் 325 வோல்ட் விழுகிறது. அது வெடிப்பதற்குக் கணினியின் பொத்தானை அழுத்தக்கூட வேண்டியதில்லை. பவர் சப்ளையின் சொந்தச் சுவிட்ச் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், சுவர்ச் சுவிட்சைப் போட்ட கணமே வெடிக்கலாம்.

ஆகவே, கம்பியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சில நிமிடங்கள் காத்திருந்து, தட்டையான சிறு திருப்புளியின் நுனியால் சுவிட்சை மறுபக்கம் தள்ளுங்கள். பாதியில் நிற்காமல் 230 என்ற எண் முழுமையாகத் தெரிய வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

எனக்கு இந்த எச்சரிக்கை தாமதமாகிவிட்டது. 'டப்' என்ற சத்தமும் கருகிய வாடையும் வந்தன. எல்லாமே போய்விட்டதா?

பெரும்பாலும் பவர் சப்ளையோடு சேதம் நின்றுவிடும். சுவர் மின்சாரப் பகுதியும் மதர்போர்டுக்குப் போகும் 12, 5 வோல்ட் பகுதியும் உள்ளே மின்மாற்றியால் பிரிக்கப்பட்டிருப்பதே காரணம். உறுதியாகச் சொல்ல ஒரே வழி, நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான். உள்ளிருக்கும் ஃபியூஸை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஃபியூஸ் போனது விளைவு, கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டரும் கெட்டிருப்பதுதான் காரணம். மூடியையும் திறக்க வேண்டாம், கம்பியைக் கழற்றிய பின்னும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எங்கள் கணினியில் சுவிட்சே இல்லை. எந்த நாட்டிலும் வேலை செய்யும் என்று கருதலாமா?

ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் கருத வேண்டாம். INPUT என்ற வரியில் `100-240V~ 50-60Hz` என்றிருந்தால் மின்னழுத்தத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும். இன்றைய பெரும்பாலான பவர் சப்ளைகள் இவ்வகையே. ஆனால் `200-240V~` என்று மட்டும் எழுதியவையும் விற்பனையில் உள்ளன. இங்கும் இந்தியாவிலும் அவற்றால் சிக்கல் எழாது. 100 வோல்ட் உள்ள ஜப்பானுக்கோ 120 வோல்ட் உள்ள அமெரிக்காவுக்கோ போனால் கணினி இயங்காமல் போகலாம். சுவிட்ச் 230-இல் இருக்கும் நிலையில் அங்குச் செருகினாலும் இதே கதைதான். பொதுவாகக் கணினி கெடுவதில்லை, உயிர் பெறாமல் இருக்கும்.

தெம்பனிஸிலிருந்து சென்னைக்குக் கணினியை அனுப்பினோம். இங்குள்ள கம்பியோடு அங்கு அடாப்டர் போட்டதில், பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்கிறது. மின்னழுத்தம் கூடிவிட்டதா?

இரு நாடுகளிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மின்னழுத்தம் இதற்குக் காரணமன்று. உங்கள் அடாப்டரில் இரண்டு முனைகள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் எர்த் தொடர்பு அறுந்திருக்கிறது. பவர் சப்ளையின் இரைச்சல் தடுக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் பெட்டிக்குக் கசியும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுபவரின் விரல் வழியே போகிறது. இந்தக் கசிவைவிட, உள்ளே ஏதேனும் பழுதாகிப் பெட்டிக்கு முழு மின்சாரம் வந்தால் காக்க எர்த் இல்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது.

அடாப்டரை விட்டுவிடுங்கள். கணினியின் பின்புறம் செருகும் முனை எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்பதால், மறுமுனையில் உருண்டையான மூன்று முனைப் பிளக் உள்ள கணினிக் கம்பியைச் சென்னையிலேயே வாங்கினால் போதும். அதன் பிறகும் சுரீரென்றால் வீட்டின் எர்த் இணைப்பே பழுதாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள்.