முதலாளிக்கு மேலே யார்?

கேள்வி: அக்கா, நான் நுவரெலியாவில் ஒரு சிறிய ஹோட்டலில் கணக்கு வேலை பார்க்கிறேன். மொத்தம் 11 பேர். 22 மாதமாக எல்லாருடைய சம்பளத்திலும் ஈ.பி.எஃப். வெட்டுகிறோம், ஆனால் கட்டுகிற காசோலையில் முதலாளி கையெழுத்துப் போடுவதே இல்லை. பணிப்பாளர் சபை என்றால் அவரும் அவர் மனைவியும்தான். மெனேஜர் அவருடைய தம்பி. கேட்டால் "சீசன் முடியட்டும்" என்கிறார்கள். இரண்டு சீசன் முடிந்துவிட்டது. அவருக்கு மேலே யாருமே இல்லாத இடத்தில் யாரிடம் முறையிடுவது? வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தங்கை, நானுஓயா

பதில்: தங்கச்சி, ஹோட்டலுக்குள் அவருக்கு மேலே யாரும் இல்லை என்பது சரிதான். ஆனால் நீங்கள் கேட்பது அவருடைய பணத்தை அல்ல. சம்பளத்தில் வெட்டிய நிமிடமே அது உங்கள் சேமலாப நிதிக்குப் போக வேண்டிய காசு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அதைக் கேட்டு வாங்குகிற பொறுப்பு தொழில் ஆணையாளருடையது, பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி. அதனால் நீங்கள் போக வேண்டிய இடம் நம் ஊரில் எல்லாரும் சொல்கிற லேபர் ஒபிஸ். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று எழுதவில்லை, 45,000 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் வெட்டுவது 8 சதவீதம், 3,600. அவர் தன் பக்கத்திலிருந்து போட வேண்டியது 12 சதவீதம், 5,400. ஆக மாதம் 9,000. 22 மாதத்துக்கு 1,98,000 ரூபா, வட்டி தனி. இது உங்கள் ஒருவருடைய கணக்கு மட்டும். ஈ.டி.எஃப். 3 சதவீதம் வேறு, அதற்குத் தனிச் சபை இருக்கிறது. இதே ஹோட்டல் அதையும் கட்டாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், எனவே அதையும் விசாரியுங்கள்.

ஒவ்வொரு மாதத்துப் பணமும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் ஏறுகிறது: முதல் பத்து நாளுக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். அதாவது உங்கள் பழைய மாதங்களில் ஒன்றின் 9,000 அவருக்கு இப்போது 13,500. "சீசன் முடியட்டும்" என்று சொல்பவர் தன் கடனைத் தானே வளர்த்துக்கொண்டிருக்கிறார். மெனேஜர் தம்பிக்கு இது தெரியுமா என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். சில முதலாளிகள் இந்தக் கணக்கைக் கேட்டதும் காசோலைப் புத்தகத்தைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தேடாவிட்டால்? இங்கேதான் உங்கள் நிலைமை மற்றப் பத்துப் பேருடையதிலிருந்து வேறுபடுகிறது. நீங்கள் கணக்குப் பெண். சம்பளப் பட்டியலைப் போடுவது நீங்கள், கழித்த தொகையை எழுதுவதும் நீங்கள். காசோலை கையெழுத்தாகவில்லை என்று ஹோட்டலில் தெரிந்த ஒரே சாதாரண ஊழியர் நீங்கள்தான். நீங்கள் மட்டும் புகார் கொடுத்தால் "யார் சொன்னது" என்று அவர் யோசிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதைவிட மோசமாக, "கணக்குப் பிள்ளைதான் மறந்துவிட்டாள்" என்று பழியை உங்கள் தலையில் போடவும் முடியும்.

எனவே இன்றிலிருந்து ஒரு வேலை செய்யுங்கள். காசோலை எழுதி வைக்கும் ஒவ்வொரு மாதமும் முதலாளிக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போதும், திகதி தானே விழும். "ஐயா, மே மாத ஈ.பி.எஃப். காசோலையும் சி படிவமும் 11 பேருக்குத் தயார். ஜூன் முடிவதற்குள் கட்ட வேண்டும். கையெழுத்துக்காக மேசையில் வைத்திருக்கிறேன்." அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற ஒரு சொல்லும் வேண்டாம். பழைய மாதங்களின் நிலுவையையும் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் நீங்கள் மறக்கவில்லை என்பதற்கு அந்தக் குறிப்பு சாட்சியாக நிற்கும்.

இன்னொன்று, இது முக்கியம். ஹோட்டல் கோப்பிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். சம்பளப் பட்டியலைப் பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டால், நாளை அது "அலுவலக ஆவணத்தைத் திருடினாள்" என்று உங்களை ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நீக்க அவர் கையில் கிடைக்கிற நல்ல கம்பாகிவிடும். உங்களுக்கு வேண்டியது உங்களுடையது மட்டுமே: உங்கள் நியமனக் கடிதம், உங்கள் சம்பளச் சீட்டுகள், உங்கள் கணக்கு இருப்பு. இருப்பைப் பார்க்க ஹோட்டலின் உதவி தேவையில்லை. தேசிய அடையாள அட்டையையும் உறுப்பினர் இலக்கத்தையும் கொண்டு போய் லேபர் ஒபிஸில் கேட்கலாம். (மத்திய வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கை தொழில் தருநர் வழியாக வருவதுதான் நெடுநாள் வழக்கம். கட்டாதவரிடமே "கட்டவில்லை" என்ற கடிதம் போனால் அது உங்கள் கைக்கு எப்படி வரும்?)

இந்த இருப்புத் தாளில்தான் வழி இருக்கிறது. சமையலறை அண்ணனோ, அறை சுத்தம் செய்யும் அக்காவோ, தோட்டக்காரரோ, யார் வேண்டுமானாலும் தன் கணக்கைத் தான் பார்க்கலாம். மூன்று நான்கு பேர் பார்த்து, "எங்கள் சீட்டில் வெட்டியிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை" என்று அவரவர் பெயரில் முறையிட்டால், செய்தி கணக்கு மேசையிலிருந்து கசிந்தது என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இருக்காது. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம், முதல் ஆளாக இருக்க வேண்டியதில்லை. அவர்களிடம் "உங்கள் இருப்பைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்துங்கள். காசோலை ரகசியத்தைச் சொல்லத் தேவையில்லை, தாளே சொல்லிவிடும்.

கடிதம் தமிழில் எழுதலாம். அரசியலமைப்பு அந்த உரிமையைத் தந்திருக்கிறது, சிங்களத்தில்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் பணிவாக இதைச் சொல்லுங்கள். ஹோட்டலின் பெயர், முகவரி, தெரிந்தால் பதிவு இலக்கம், எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வெட்டியது எவ்வளவு. முதலாளி எப்படிப்பட்டவர், யாரோடு குடிக்கிறார், எந்த வாகனம் வாங்கினார் என்பதெல்லாம் வேண்டாம். இப்படி நிரம்பிய கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். வாசிக்கிற உத்தியோகத்தருக்கு மூன்றாவது பக்கத்திலும் மாதமும் தொகையும் கிடைக்காது.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேளுங்கள். முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும், முறைப்பாட்டுக்காகத்தான் பரிசோதனைக்கு வந்தோம் என்பதையும் தொழில் தருநரிடம் சொல்லக்கூடாது என்பது இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிற் பரிசோதனைச் சமவாயத்தில் இருக்கிறது. ஆனால் 11 பேர் வேலை செய்யும் இடத்தில் சட்டம் காக்கிற ரகசியத்தை ஊகம் உடைத்துவிடும். மூன்று நான்கு பேராகப் போகச் சொன்னது அதற்காகவும்தான்.

பிறகு என்ன நடக்கும்? உத்தியோகத்தர் வந்து சம்பளப் புத்தகத்தையும் ஊழியர் வரவு இடாப்பையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் கேட்பார். ஒருவருடைய முறைப்பாட்டுக்கு வந்தாலும் 11 பேருடையதையும் பார்ப்பார். நிலுவையைக் கணக்கிட்டு அறிவித்தல் அனுப்புவார்கள். அப்போதும் கட்டாவிட்டால் ஆணையாளர் தொகையைச் சான்றுப்படுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே அது தண்டப்பணத்தைப் போல அறவிடப்படும். முதலாளிமார் பலர் அந்தப் படியை எட்டும் முன்பு தவணை கேட்டுக் கட்டத் தொடங்குவார்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, அதை மறைக்க விரும்பவில்லை.

நடுவில் முதலாளி உங்களைத் தனியாகக் கூப்பிடலாம். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். என் இளமையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் இருந்தேன். அங்கேயும் இதே கதை. கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த பெரியவர் ஒருவர் மட்டும் துணிந்து முதலாளியின் வீட்டுக்குப் போனார். முதலாளி டீ கொடுத்து, ஒரு கட்டுக் காசு கொடுத்து, "சேர வேண்டிய அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். பெரியவர் சந்தோஷமாக வந்தார். 55 வயதில் நிதியை எடுக்கப் போனபோது அந்த வருடங்கள் கணக்கில் இல்லை. கையில் வாங்கிய காசு எப்போதோ கரைந்திருந்தது. கையில் கொடுப்பது ஈ.பி.எஃப். கட்டுவதாகாது. காசு கொடுத்தால் "ஐயா, கணக்கில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதாத தாளிலும், "என் விருப்பத்தில் விலகுகிறேன்" என்ற கடிதத்திலும் கையெழுத்துப் போடவே கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை பற்றிய பயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் தொழில் ஆணையாளரின் அனுமதியின்றி ஒருவரை நீக்குவதைத் தடுக்கிற 1971ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் 11 பேர்தான். ஆனால் அநியாயமாக நீக்கினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அதற்கு ஆள் எண்ணிக்கை தடையல்ல. காலம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்: ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், முதல் மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது. வழக்கில் வென்றாலும் அதே மேசையில் உட்கார முடியுமா என்பது வேறு விஷயம். நீங்கள் தாங்கக்கூடிய செலவு எவ்வளவு என்று கணவரோடோ அம்மாவோடோ உட்கார்ந்து பேசிவிட்டே தொடங்குங்கள்.

லேபர் ஒபிஸுக்குப் போகும் நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு போங்கள், வேலை நேரத்தில் அல்ல. கடிதத்தில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கி வாருங்கள். அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் காசு இரட்டிப்பாகும்.