முப்பது நாளுக்கு முப்பது கேள்வி வேண்டாம்

கேள்வி: "எனக்கு 43 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். நான் எடுக்கிற முடிவுகள் சரியா, மற்றவர்களிடம் உண்மையாக நடக்கிறேனா, அன்பாக இருக்கிறேனா என்று தினமும் எழுதிப் பார்க்க ஆசை. நோட்டு வாங்கி ஆரம்பித்தால் நாலாவது நாளே 'இன்று ரொம்ப பிஸி' என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் என்னையே திட்டி எழுதுகிறேன். ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு கேள்வி கொடுத்தால் உதவியாக இருக்கும்."

பதில்: தினம் ஒரு புதுக் கேள்வி கொடுப்பது எளிது, ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேள்வி தினமும் மாறினால் நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரே கேள்வியை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கேட்டால்தான் முதல் நாள் மேலோட்டமாக வந்த பதில் மூன்றாவது நாள் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதனால் வாரத்துக்கு ஒரு விஷயம் என்று பிரிக்கிறேன், கேள்விகள் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில் இரண்டு விதிகள். பத்து நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள், போனில் டைமர் வையுங்கள். எழுதுவது ஒரு சம்பவமாக இருக்க வேண்டும், அதாவது யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னீர்கள் என்பது. 'நான் பொறுமை இல்லாதவள்' என்பது சம்பவம் இல்லை, அது தீர்ப்பு. தீர்ப்பு எழுதிவிட்டால் மேலே யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, உங்களை நீங்களே திட்டி எழுதுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் வாரம் முடிவுகள். ஒன்று முதல் மூன்றாம் நாள் வரை ஒரே கேள்வி: இன்று நான் எடுத்த ஒரு முடிவு என்ன, அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும், வேறு என்ன வழி இருந்தது? 'அந்த நேரத்தில்' என்பதை விட்டுவிடாதீர்கள். விளைவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருந்த மாதிரி தோன்றும், மகனைத் துணைப்பாட வகுப்பில் சேர்த்தது தப்பு என்று ஜூனில் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஜனவரியில் எடுத்த முடிவை அளக்கக் கூடாது. நான்காம், ஐந்தாம் நாள்: எதை முடிவு செய்யாமல் தள்ளிப்போட்டேன், அதனால் யார் காத்திருக்கிறார்கள்? ஆறாம், ஏழாம் நாள்: இன்று செய்த ஒன்றைக் கணவரிடம் ஒரு விதமாகவும் தோழியிடம் வேறு விதமாகவும் சொல்வேனா? அப்படியென்றால் எந்தப் பகுதியை மாற்றிச் சொல்வேன்? இந்தக் கேள்வி அடுத்த வாரத்துக்கு வழி திறந்துவிடும்.

இரண்டாம் வாரம் உண்மை. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், 'நான் பொய் சொல்ற ஆள் இல்லை' என்று முதல் நாளே மூடிவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபாலோவும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 77 கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பொதுமக்கள் 70 பேரும் ஒரு வாரம் தாங்கள் சொன்ன பொய்களைக் குறித்துவைத்தார்கள். மாணவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக இரண்டு பொய், மற்றவர்களுக்கு ஒன்று. பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்கள், சொன்னவர்களே அவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்த ஆய்விலிருந்து நமக்கு மிகவும் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு: பொய்யைத் தனக்காகச் சொன்னது, மற்றவருக்காகச் சொன்னது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

அதனால் எட்டாம் நாள் முதல் பதினொன்றாம் நாள் வரை இந்தக் கேள்வி: இன்று உண்மைக்கு மாறாக நான் சொன்ன ஒன்று என்ன, வார்த்தைக்கு வார்த்தை எழுது, அது யாருக்காக? பன்னிரண்டு முதல் பதினான்கு வரை: சொல்ல வேண்டியிருந்தும் வாயை மூடிக்கொண்டது எது, மூடிக்கொண்டதால் யாருக்கு லாபம்?

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். உங்களைப் போன்ற ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிடோக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அன்று இரவு இப்படி எழுதுகிறார்: 'அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன். நான் ரொம்ப சுயநலக்காரி. இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது.' மூன்று வாக்கியம், அதில் முதல் வாக்கியத்தில்தான் ஏதோ செய்தி இருக்கிறது. இரண்டாவது தீர்ப்பு, மூன்றாவது சபதம். சபதம் போட்டதும் மனசு லேசாகிவிடும், நோட்டை மூடிவிடுவார்.

அதே சம்பவத்தை மேலே சொன்ன கேள்விக்குப் பதிலாக எழுதினால் இப்படி வரும்: 'காலை 10.40. அம்மா வாட்ஸ்அப்பில், கொடுவா மீன் வாங்கிட்டேன், எத்தனை மணிக்கு வர்றீங்க என்று கேட்டார். ஆபீஸ் வேலை வந்துடுச்சும்மா, அடுத்த வாரம் வர்றோம் என்று போட்டேன். ஆபீஸ் வேலை ஒன்றும் இல்லை. போன தடவை எல்லார் முன்னாலும் என் பையன் மார்க்கை அக்கா பையன் மார்க்கோடு ஒப்பிட்டுப் பேசினார், மறுபடி அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அம்மா மனசு நோகக் கூடாது என்று சொன்ன பொய் என்றுதான் முதலில் எழுத வந்தேன். இல்லை. ஐந்து நிமிடம் சங்கடமாகப் பேச வேண்டுமே என்று எனக்காகச் சொன்னது. சாயங்காலம், வேலை முடிஞ்சுதாம்மா, சாப்பிட்டியா என்று கேட்டார். அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.'

இதில் தன்னைத் திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் முதல் பதிவைவிட இது படிக்கக் கஷ்டமானது. 'இல்லை' என்று திரும்புகிறாரே, அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும். சும்மா உட்கார்ந்து யோசித்தால் அந்தத் திருப்பம் பெரும்பாலும் வராது, வார்த்தைகளையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வரும்போது தானாக வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம் உறுதியாக வேண்டும். நோட்டை யாரும் படிக்கக் கூடாது. மூன்றறை வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்துவிட்டு மதிய உணவு நேரத்தில் எழுதுங்கள், அல்லது எழுதிய தாளைக் கைப்பையின் உள் ஜிப்பில் வையுங்கள். யாராவது படிப்பார்கள் என்ற நினைப்பு இருந்தால் நல்ல பெயர் வாங்குவதற்காகவே எழுதுவோம். எழுதி முடித்ததும், இதைக் கணவர் படித்தால் என்னைப் பற்றிப் பெருமைப்படுவாரா என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் 'ஆமாம்' என்று வந்தால் அந்தப் பக்கங்கள் உங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல.

மூன்றாம் வாரம் அன்பு. 'இன்று யாருக்கு என்ன நல்லது செய்தேன்' என்ற கேள்வி எல்லாரும் கொடுப்பது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்கு ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் 1940களில் யோஷிமோட்டோ இஷின் என்பவர் உருவாக்கிய நைக்கான் என்ற முறையில் மூன்று கேள்விகள் உண்டு: இவரிடமிருந்து நான் என்ன பெற்றேன், இவருக்கு நான் என்ன கொடுத்தேன், இவருக்கு நான் என்ன தொந்தரவு கொடுத்தேன்? 'இவர் எனக்கு என்ன தொந்தரவு கொடுத்தார்' என்று நான்காவது கேள்வி கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அந்தக் கணக்கு நமக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

பதினைந்தாம் நாள் முதல் இருபத்தொன்றாம் நாள் வரை ஒரு நாளைக்கு ஒருவர், மூன்று கேள்வி. அம்மா, கணவர், பிள்ளைகளில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவர், பக்கத்து வீட்டுக்காரர், கடைசி நாள் உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒருவர். அதே உதாரணத்தில் அம்மா முறை வரும்போது இப்படி எழுதலாம்: பெற்றது, போன மாதம் பையனுக்கு முள் எடுத்துக் கொடுத்து ஊட்டினார், இரண்டு டப்பாவில் குழம்பு கட்டிக்கொடுத்தார். கொடுத்தது, கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். தொந்தரவு, நாலு பேருக்கு மீன் வாங்கவைத்து வராமல் இருந்தேன். மார்க் பற்றிப் பேசியது சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்தப் பேச்சைத் தவிர மற்றவையும் கண்ணில் படும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உங்களை அடித்தவர், மிரட்டியவர், ஏமாற்றியவர் யாரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அந்த இடத்தில் இந்த மூன்று கேள்விகள் பழியை உங்கள் மேலேயே திருப்பிவிடும்.

நான்காம் வாரம் புதிதாக எதையும் தேடாதீர்கள். இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரை, முந்தைய வாரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சம்பவத்தை எடுத்து, 'நான்' என்பதற்குப் பதிலாக உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள், 'மாலதி அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்' என்கிற மாதிரி. உளவியலாளர் ஈதன் கிராஸ் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார், பெயர் சொல்லி எழுதும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வரை ஒரே கேள்வி: எழுதியவற்றில் ஒன்றைப் பற்றி இன்று என்ன செய்தேன்? பதில் ஒரு செயலாக இருக்க வேண்டும். மேலே சொன்னவர் அம்மாவுக்குப் போன் செய்து, 'அன்னைக்கு வேலை இல்லம்மா. என் பையன் மார்க்கை எல்லார் முன்னாடியும் பேசினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் வரலை' என்று சொன்னால் அது செயல். செய்யவில்லை என்றால் 'செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுங்கள், காரணம் எழுத வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலே வார்த்தைகள் மறந்து, நமக்குச் சாதகமான கதைதான் நினைவில் நிற்கும். அந்தத் தேதியைக் காலியாக விட்டுவிட்டு இன்றைய கேள்விக்குப் போங்கள்.

எழுதுவது உதவுகிறதா, கெடுக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே சம்பவம் மூன்று நாளாகப் புது விவரம் ஒன்றும் இல்லாமல் திரும்ப வருகிறதா, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்ற சொற்கள் கூடுகின்றனவா, படுத்த பிறகும் அதுவே ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு முதல் வாரக் கேள்விக்குத் திரும்புங்கள், இரவில் எழுதுவதை நிறுத்திப் பகலுக்கு மாற்றுங்கள். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரம் நீடித்தால் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள், 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இருபத்தொன்பதாம் நாள் எதுவும் எழுதாமல் முழுதாகப் படியுங்கள், கையில் பென்சில் வைத்துக்கொண்டு. எந்தப் பெயர் அதிகம் வருகிறது, ஒரே வீட்டில் இருந்தும் யார் பெயர் வரவே இல்லை, பொய்களில் எத்தனை உங்களுக்காகச் சொன்னவை, எந்த நேரத்தில் சிடுசிடுப்பு கூடுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். முப்பதாம் நாள் அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு கேள்வியை நீங்களே எழுதுங்கள், அடுத்த மாதம் வாரம் ஒருமுறை அதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.